கார்டு தொலைந்தால் பேங்கின் மலாய் மெனுவைக் கடப்பது எப்படி

[காட்சி: பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதை. ஓர் அக்கா கைப்பையைத் துழாவுகிறார்.]

பர்ஸோடு பேங்க் கார்டும் போய்விட்டது. கார்டை உடனே முடக்க வேண்டும். போன் செய்தால் மலாயில் மெனு ஓடுகிறது, அக்காவுக்குக் கடைத்தெரு மலாய்தான் தெரியும். அதுவே போதும்.

அழைக்க வேண்டிய எண் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும், கார்டுதான் இல்லை. அதே பேங்கில் கணக்குள்ள உறவினரின் கார்டைப் பாருங்கள், இல்லையென்றால் பேங்க் செயலியில் பாருங்கள். கூகுளில் முதலில் வருகிற எண்ணை நம்பாதீர்கள். மோசடிக்காரர்கள் அங்கே விளம்பரம் போட்டுக் காத்திருப்பார்கள்.

[காட்சி: போன் திரை]

லைன் கிடைத்ததும் ஸ்பீக்கரைப் போட்டு, திரையில் கீபேடைத் திறந்து வையுங்கள். போனைக் காதில் வைத்தால் திரை அணைந்துவிடும், எண்ணை அழுத்துவதற்குள் நேரம் போய்விடும்.

இப்போது முதல் வாக்கியத்தைக் கவனமாகக் கேளுங்கள். 'உந்துக் பஹாசா மலேசியா, தெக்கான் சத்து' என்று வந்தால், இந்த மெனுவில் விஷயம் முன்னால், எண் பின்னால். 'தெக்கான் சத்து உந்துக்...' என்று தொடங்கினால் எண்தான் முன்னால். பலர் தடுமாறுவது இங்கேதான். விஷயம் முன்னால் வரும் மெனுவில் 'காட் ஹிலாங்', அதாவது கார்டு தொலைந்தது, என்று காதில் விழுந்ததும், அதற்குச் சற்று முன்பு கேட்ட எண்ணை அழுத்திவிடுகிறார்கள். அது வேறொரு சேவையின் எண்.

அக்காவின் மெனு இப்படி வருகிறது: 'உந்துக் பாக்கி அகாவுன், தெக்கான் சத்து. உந்துக் காட் ஹிலாங் அத்தாவ் டிச்சூரி, தெக்கான் துவா.' இங்கே விஷயம் முன்னால் வருகிறது. அதனால் 'ஹிலாங்' கேட்டதும் பொறுத்து, அடுத்து வரும் 'துவா'வுக்கு 2 அழுத்த வேண்டும். தவறினால் பதற்றம் வேண்டாம், பெரும்பாலும் மெனு மறுபடி ஓடும். 'தீடாக் சா' என்று கேட்டால் அழுத்தியது செல்லவில்லை என்று பொருள்.

[காட்சி: தாளில் எழுதிய அடையாள அட்டை எண்]

அடுத்து அடையாள அட்டை எண்ணைக் கேட்கலாம். 12 இலக்கங்களையும் இடையில் கோடு இல்லாமல் அழுத்துங்கள். 'டிஇக்குத்தி தண்டா பாகார்' என்று சொன்னால் முடிவில் # அழுத்த வேண்டும். அதை விட்டுவிட்டால் இன்னும் எண் வரும் என்று எந்திரம் காத்திருக்கும். அழைக்கும் முன்பே எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

0 அழுத்தினால் எல்லா பேங்கிலும் ஆள் வருவதில்லை. கார்டு தொலைந்ததற்கான வழிதான் பொதுவாக விரைவாக ஆளிடம் கொண்டுபோகும்.

ஆள் வந்ததும்: 'காட் சாயா ஹிலாங், தோலோங் பிளாக். அடா யாங் போலே சாக்காப் தமிழ்?' தமிழ் பேசுபவர் இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். இல்லையென்றாலும் முதல் வாக்கியத்திலேயே வேலை தொடங்கிவிடும். அவர் உங்கள் பின் எண்ணையோ போனுக்கு வந்த டிஏசி எண்ணையோ வாயால் சொல்லச் சொன்னால், சொல்லாமல் வைத்துவிடுங்கள்.

கார்டு முடங்கியதும் 'நோம்போர் ருஜுக்கான்' கேட்டு வாங்குங்கள். அந்தக் குறிப்பு எண்ணோடு அழைத்த நேரத்தையும் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு யாராவது கார்டைப் பயன்படுத்தியிருந்தால், பேங்கிடம் காட்ட இவை இரண்டும் தேவைப்படும்.