குறி தப்பவில்லை, ஆனால் எய்தவரால் அல்ல

“நம்புவது உண்மையாகவும் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. அப்புறம் திறன் எதற்கு?” ஒன்று நமக்குத் தெரியும் என்றால், அந்த உண்மை நம் திறனால் நம்மிடம் வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம். அதற்கு எதிரணித் தலைவர் கேட்ட கேள்வி இது.

நடுவர் அவர்களே, 1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் ஸ்மித்தும் ஜோன்ஸும் ஒரே வேலைக்கு மனுப் போடுகிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நிறுவனத் தலைவரே ஸ்மித்திடம் சொல்லிவிடுகிறார். ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் இருப்பதையும் ஸ்மித் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆகவே, ‘வேலை கிடைக்கப்போகிறவர் பையில் பத்து நாணயங்கள் உண்டு’ என்று முடிவுகட்டுகிறார். கடைசியில் வேலை கிடைப்பது ஸ்மித்துக்கே! அவர் பையிலும், அவருக்கே தெரியாமல், பத்து நாணயங்கள்.

எதிரணித் தலைவர் கேட்ட இரண்டும் ஸ்மித்திடம் இருக்கின்றன. ஆனாலும் அவருக்கு அது தெரிந்திருந்தது என்று இந்த அரங்கில் யாராவது சொல்வீர்களா?

குறை எங்கே என்பதை எர்னஸ்ட் சோசா என்ற தத்துவவாதி ஒரு வில்லாளியை வைத்துக் காட்டினார். அம்பு நேர்த்தியாகத்தான் புறப்படுகிறது. ஒரு காற்று அதை விலக்குகிறது, இன்னொரு காற்று திருப்பிக் கொண்டுவந்து குறியில் சேர்க்கிறது. திறமையும் உண்டு, வெற்றியும் உண்டு. ஆனால் அந்தத் திறமையால் வந்த வெற்றி அல்ல அது. ஸ்மித்தின் கதையும் இதுதான்.

உடனே எதிரணியில் ஒருவர், “எனக்கு நல்ல கண் அமைந்ததே அதிர்ஷ்டம், அப்படியானால் நான் பார்த்து அறிவதும் அறிவில்லையா?” என்றார். ஐயா, கண் எப்படி வாய்த்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை. கண்ணுக்கும் உண்மைக்கும் நடுவில் அதிர்ஷ்டம் புகுந்ததா என்பதுதான் எங்கள் கேள்வி.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர்தான் சரியான இடத்தில் கைவைத்தார். ஜெனிபர் லேக்கி என்ற தத்துவவாதியின் எடுத்துக்காட்டு அது. சிகாகோ ரயில் நிலையத்தில் இறங்கிய ஒருவர், முதலில் கண்ணில் பட்ட பெரியவரிடம் வழி கேட்கிறார், அவர் சரியாகச் சொல்கிறார். வந்தவருக்கு இப்போது வழி தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறன் வழி சொன்னவருடையது அல்லவா என்கிறார் அந்தப் பேச்சாளர்.

பெரும்பங்கு சொன்னவருடையதுதான். ஆனாலும் கேட்டவர் குழந்தையிடம் கேட்கவில்லை, உளறலான பதிலாக இருந்தால் நம்பியிருக்கவும் மாட்டார். சின்னத் திறன், ஆனால் உண்மை அதன் வழியாகத்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. ஸ்மித்தும் நிறுவனத் தலைவர் சொன்னதை நம்பியவர்தானே என்று மடக்கப் பார்ப்பீர்கள். அந்த நம்பிக்கை ஜோன்ஸைத்தான் காட்டியது. முடிவை உண்மையாக்கியதோ ஸ்மித்தின் சொந்தப் பை.

சரி, எவ்வளவு சின்னப் பங்கு போதும்? அளவைத் தளர்த்தினால் ஸ்மித் போன்றவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள் என்பது லேக்கியின் எச்சரிக்கை. அந்த எல்லையை எங்கே போடுவது என்பதில் எங்கள் அணியிலேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, நடுவர் அவர்களே.