எட்டாம் நாள் காய்ச்சலும் பன்னிரண்டு நிமிடமும்

(சென்னையில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில், வார்டு கருத்தரங்கில் நோயாளியின் விவரத்தை எடுத்துரைப்பது குறித்துப் பயிற்சி மருத்துவர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வருகிற வாரத்திலிருந்து வார்டு கருத்தரங்கில் கேஸ் பிரசென்ட் செய்யும் முறை உங்களுக்கு வருகிறது. எல்லா வகைக் கேஸ்களுக்கும் பொருந்தும்படி பொதுவாகப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது என்பதால், ஒரே ஒரு நோயாளியின் கதையை எடுத்துக்கொண்டு அதை எப்படி எழுதுவது, எப்படிச் சொல்வது, எவ்வளவு நேரத்தில் சொல்வது என்று பார்க்கலாம். அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். முதுநிலை மாணவனாக இருந்தபோது ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளி ஒருவரைப் பற்றிப் பேச எழுந்தேன். முதல் ஸ்லைடிலேயே நோயின் பெயரைத் தலைப்பாகப் போட்டு, கீழே அக்குளில் இருந்த கரும்பொருக்கின் படத்தையும் பெரிதாக வைத்திருந்தேன். படம் நன்றாக வந்திருந்தது, அதில் எனக்குப் பெருமை. அதன் பிறகு நான் சொன்ன வரலாற்றையும் பரிசோதனையையும் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருந்தது? விடை தெரிந்த விடுகதையை யார் கேட்பார்கள்? கலந்துரையாடல் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. நோயாளி வந்த முதல் மணி நேரத்தில் எனக்கு என்ன தெரியாதிருந்ததோ அது கேட்பவருக்கும் தெரியாதிருக்க வேண்டும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். கேஸ் ஷீட்டில் எழுதிய வரிசை வேறு, பேச வேண்டிய வரிசை வேறு.

இனி நம் நோயாளிக்கு வருவோம். வயது 46. சோழவரம் ஏரிப் பக்கம் வீடு. நவம்பர் மாதம் 8 நாள் காய்ச்சலோடும் 2 நாள் மூச்சுத் திணறலோடும் அவசரப் பிரிவுக்கு வந்தார். எழுத உட்காருமுன் ஒரு கேள்வியைத் தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தச் சோதனை முடிவும் கையில் இல்லாத முதல் மாலையில் இந்தப் பெண்ணுக்கு எந்த மருந்தைத் தொடங்குவது? அந்தக் கேள்விக்கு உதவும் விவரம் உரையில் இருக்கும், உதவாதது கேஸ் ஷீட்டிலேயே இருக்கட்டும். அவருக்கு 12 ஆண்டுகளுக்கு முன் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை நடந்தது உண்மைதான், ஆனால் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

தொடக்க வாக்கியத்தில் வயது, ஊர், தொழில், எத்தனை நாளாக என்ன தொல்லை ஆகிய நான்கும் வந்துவிட வேண்டும். இந்தக் கேஸில் தொழில்தான் உயிர்நாடி. கேஸ் ஷீட்டில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் உட்கார்ந்து பேசியபோதுதான், இரண்டு ஆடு வளர்ப்பதும், நாள்தோறும் ஏரிக்கரையில் புல் அறுப்பதும் தெரிந்தது. ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புவது புதர்களிலும் புல்லிலும் இருக்கும் மைட் என்ற மிகச் சிறிய பூச்சியின் இளம்புழு. செய்தித்தாள்கள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன, ஆனால் மாட்டின் மேல் நாம் காணும் உண்ணி இதுவல்ல. கடித்து ஏறக்குறைய 10 நாள் கழித்தே காய்ச்சல் தொடங்குவதால், ‘நேற்று எங்கே போனீர்கள்’ என்று கேட்டுப் பயனில்லை, காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரத்தைக் கேட்க வேண்டும்.

வரலாற்றை நாம் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்கிறோம். இந்த இடத்தில்தான் பல கேஸ்கள் கெட்டுப்போகின்றன. இவர் ‘ஆறாம் நாள் மயக்கமா வந்துச்சு’ என்றார். அதை நினைவிழப்பு என்று மொழிபெயர்த்துச் சொன்னால், கேட்பவர்கள் உடனே மூளைக்காய்ச்சலைத் தேடிப் போய்விடுவார்கள். நம் ஊரில் மயக்கம் என்றால் தலைசுற்றலாக இருக்கலாம், கண் இருட்டியதாக இருக்கலாம், வெறும் சோர்வாகவும் இருக்கலாம். ‘விழுந்துட்டீங்களாம்மா? பக்கத்துல பேசினவங்க குரல் கேட்டுச்சா?’ என்று கேட்டபோது, எழுந்து நின்றால் தலை சுற்றியது என்றுதான் விளக்கினார். இத்தகைய சொல்லை மேடையிலும் முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டு, நீங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதைப் பிறகு சொல்லுங்கள்.

நாள்களைத் தேதியாகச் சொல்லாமல் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணிச் சொல்லுங்கள். ‘14ஆம் தேதி ஊசி போட்டார்கள்’ என்றால் கேட்பவர் மனக்கணக்குப் போட வேண்டும். ‘முதல் நாள் குளிருடன் காய்ச்சல், தலைவலி, மேல்வலி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை பக்கத்துக் கிளினிக்கில் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, காய்ச்சல் தணியவில்லை, ஆறாம் நாளிலிருந்து மூச்சு வாங்குகிறது’ என்றால் கதை தானே நடக்கும். அந்த ஊசி கேட்காததும் ஒரு துப்பு. ஸ்க்ரப் டைஃபஸ் கிருமி உயிரணுக்களுக்குள் வாழ்வது. பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை.

பரிசோதனையைப் பார்த்த வரிசையில் முழுதாக ஒப்பிக்காதீர்கள். நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 100/60, மூச்சு நிமிடத்துக்கு 32, வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் அளவு 88 சதவீதம். இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருந்தார் என்பது அறை முழுவதற்கும் விளங்கிவிடும். அடுத்து இரு நுரையீரலிலும் கேட்ட நுண்ணொலியும், விரல்நுனியில் தட்டுப்பட்ட மண்ணீரலும். அவற்றுக்கு இணையாக இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும், ஆனால் போட்டி போடும் நோய்களைப் பிரித்துக் காட்டுபவற்றை மட்டும்: கண் சிவப்பு இல்லை, கெண்டைக்கால் தசையில் அழுத்தினால் வலி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. லெப்டோஸ்பைரோசிஸ் உங்கள் மனத்தில் இருந்தது என்பதை இந்த மூன்று ‘இல்லை’யும் சொல்லாமல் சொல்லிவிடும்.

கரும்பொருக்கை மட்டும் இப்போது சொல்லாதீர்கள். ‘தோலில் என்ன தேடுவீர்கள், எங்கே தேடுவீர்கள்?’ என்று கேட்டு நிறுத்துங்கள். யாராவது அக்குள் என்பார்கள், தொடை இடுக்கு என்பார்கள். இந்த நோயாளிக்கு அது இடது மார்பகத்தின் அடி மடிப்பில் இருந்தது. வலியோ அரிப்போ இல்லாததால் அவருக்கே தெரியாது. நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து, சுருட்டு நெருப்புப் பட்ட வடுவைப் போல் இருப்பதுதான் பாடப்புத்தகப் படம். ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து, மேலோட்டமான சிறு புண் மட்டும் இருக்கக்கூடும். அதனால்தான் டார்ச்சும், திரையும், கூட ஒரு செவிலியரும் இல்லாமல் ‘தோல் இயல்பு’ என்று எழுதக்கூடாது.

பரிசோதனை முடிந்ததும் ஒற்றை வாக்கியத்தில் தொகுத்துச் சொல்லுங்கள்: ‘புல் அறுக்கும் தொழிலுள்ள 46 வயதுப் பெண், மழைக்காலத்தில் 8 நாள் காய்ச்சல், ஊசிக்குத் தணியவில்லை, ஆறாம் நாளிலிருந்து நுரையீரல் பாதிப்பு, உடலில் ஒரு கரும்பொருக்கு.’ இதை எழுத முடியவில்லையென்றால் கேஸ் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்றுதான் பொருள். நானும் ஒரு வாக்கியத்துக்காக அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

சோதனை முடிவுகளில்தான் நேரம் வீணாகிறது. 30 எண்கள் கொண்ட அட்டவணையைத் திரையில் போட்டு ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். இங்கே தட்டணு 68,000, ஏஎஸ்டி 142, ஏஎல்டி 118, எக்ஸ்ரேயில் இரு பக்கமும் நிழல், இவை போதும். தட்டணு குறைவு என்றதுமே சென்னையில் எல்லாரும் டெங்கு என்பார்கள். என்எஸ்1 சோதனை எதிர்மறை என்று சொல்லி அவர்களை மடக்கிவிட முடியாது. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் புரதம் ரத்தத்தில் குறைந்துவிடுவதால், எட்டாம் நாளில் எடுத்த அந்த எதிர்மறைக்கு மதிப்புக் குறைவு. டெங்கு ஐஜிஎம் எதிர்மறையாக இருந்ததும், டெங்குவில் பெரும்பாலும் காய்ச்சல் விட்டிருக்க வேண்டிய நாளில் இவருக்கு இன்னும் கொதித்துக்கொண்டிருந்ததுமே வலுவான வாதம். ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் எலைசாவுக்கும் இதே விதி தலைகீழாகப் பொருந்தும்: முதல் வாரத்தில் அது எதிர்மறையாக வரக்கூடும். ஆகவே எந்தச் சோதனையைச் சொன்னாலும் எந்த நாளில் எடுத்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். அரைமணி நேரக் கருத்தரங்கில் நீங்கள் பேச 12 நிமிடம், கலந்துரையாட 15, மீதி 3 நிமிடம் தாமதமாக வரும் பேராசிரியருக்கு. அந்த 12இல் தொடக்கத்துக்கு அரை நிமிடம், வரலாற்றுக்கு 4, பரிசோதனைக்கு இரண்டரை, தொகுப்பு வாக்கியத்துக்கு அரை, சோதனைகளுக்கு 2, சிகிச்சைக்கும் அதன் போக்குக்கும் 1, கற்பிக்க வேண்டிய ஒரே செய்திக்கு ஒன்றரை. வரலாறு நான்கைத் தாண்டி ஆறானால் கடைசிப் பகுதியை விழுங்கிவிடும், அதைத்தான் நாம் எப்போதும் பார்க்கிறோம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 சொல் என்று வைத்துக்கொண்டு 1,200 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். மிச்சம் 2 நிமிடத்தை நீங்கள் கேட்கும் கேள்விகளும் மௌனங்களும் எடுத்துக்கொள்ளும். முழு உரையையும் எழுதி, கைக்கடிகாரத்தோடு இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகு, அந்தத் தாளை வீட்டில் வைத்துவிட்டு உள்ளங்கை அளவு அட்டையில் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். தாளைப் பார்த்து வாசிப்பவரின் குரல் தாளுக்குள்ளேயே இறங்கிவிடும்.

கட்டிலருகே நடத்துவதானால் நோயாளியிடம் முதல் நாளே அனுமதி கேளுங்கள். மார்பகத்தடிப் புண்ணை 20 பேர் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. அவர் சம்மதத்தோடு முகம் தெரியாமல் எடுத்த படம் போதும். இறப்பு விகிதம், வென்டிலேட்டர் போன்ற பேச்சை வார்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியாதென்று நாம் நினைக்கும் நோயாளிக்கும் அந்தச் சொற்கள் தெரியும்.

சிகிச்சையைச் சொல்லும் ஒரு நிமிடத்தில், டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுத்தோம், 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது என்பதோடு, ஏன் இரண்டும் என்பதற்கு ஒரு வரி வேண்டும். தீவிர ஸ்க்ரப் டைஃபஸில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் தந்ததாக, இந்தியாவில் நடந்த ஆய்வொன்று 2023இல் வெளியானது.

அந்த நிமிடத்தில்தான் யாராவது, ‘எப்போது தொடங்கினீர்கள்?’ என்று கேட்பார். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். வந்த மாலையில் நாம் செஃப்ட்ரியாக்ஸோனைத்தான் தொடர்ந்தோம். மறுநாள் காலை உடம்பு துடைத்துவிட்ட செவிலியர் அந்தப் புண்ணைப் பார்த்துக் கூப்பிட்ட பிறகுதான் மருந்து மாறியது. இடையில் போனது 15 மணி நேரம். ஸ்லைடில் ‘பரிசோதனையில் கரும்பொருக்கு காணப்பட்டது’ என்று எழுதினால் நாம் முதல் மாலையே கண்டுபிடித்ததுபோல் இருக்கும். ‘15ஆம் மணி நேரத்தில், செவிலியரால்’ என்று எழுதுங்கள். அடுத்த 15 நிமிடக் கலந்துரையாடல் அந்த வரியிலிருந்துதான் தொடங்கும்.