சேறு காயும் நாட்களை எண்ணுவோம்

வணக்கம் நேயர்களே. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களில் தண்ணீர் தெளிந்து வெளியே போய்விடும், அடியில் சேறு தங்கிவிடும். அதை வெயிலில் காயவைக்கும் மணல் தொட்டிகளை ஆபரேட்டர்கள் ‘ட்ரையிங் பெட்’ என்பார்கள். உலர்தளம் என்று நான் சொல்கிறேன். அதற்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

சென்னைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. நாளுக்கு 2 லட்சம் லிட்டர் கழிவுநீர் வருகிறது. அதில் தினமும் வெளியேற்றவேண்டிய சேற்றை முழுக்க உலர்த்தி எடைபோட்டால் 20 கிலோ. ஆனால் அது சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்து வரும்போது மோர் பதத்தில்தான் வரும். ஒரு லிட்டரை ஆய்வகத்தில் 105 டிகிரியில் காயவைத்துப் பார்த்தோம். மிஞ்சியது 10 கிராம், அதாவது 1 சதவீதம். அப்படியென்றால் 20 கிலோ சேறு 2,000 லிட்டர் தண்ணீரோடு, 2 கனமீட்டராக வருகிறது.

கணக்கு எளிது. ஒரு நாள் சேற்றின் கன அளவை, ஒரு தளம் நிரப்பியதிலிருந்து மறுபடி நிரப்பத் தயாராகும் வரையிலான நாட்களால் பெருக்கி, ஊற்றும் உயரத்தால் வகுக்கவேண்டும். உயரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காய 10 நாள், வழித்தெடுத்து மணலைச் சமன்செய்ய 2 நாள், ஆக 12 நாள். 2 கனமீட்டரை 12ஆல் பெருக்கி 0.2 மீட்டரால் வகுத்தால் 120 சதுர மீட்டர். அந்த 2 நாளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இடம் குறைவு என்றால் நான் முதலில் பார்ப்பது தளத்தை அல்ல, சேற்றை. ஒரு சிறிய தொட்டியில் சேற்றை நிற்கவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்துவிட்டால் 1 சதவீதம் 2 ஆகும். 2 கனமீட்டர் 1 கனமீட்டராகச் சுருங்கும். கெட்டியான சேறு காயக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், மொத்தம் 14 நாள் வைப்போம். அப்படியும் 70 சதுர மீட்டர் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. 1 சதவீதச் சேறு 20 சென்டிமீட்டர் ஊற்றினால், காய்ந்தபின் வடாம் கனத்துக்கு ஒரு ஏடுதான் மிஞ்சும். மண்வெட்டி போட்டால் சேற்றைவிட மணல்தான் அதிகம் வரும். மாதாமாதம் மணல் வாங்குவதற்கு அதுவே காரணம்.

ஆனால் 70 என்பது மே மாதத்துக் கணக்கு. ஊற்றிய முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் மணல் வழியே கீழே வடிகிறது. மிச்சம் வெயிலிலும் காற்றிலும் போகவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த இரண்டாம் பாதி நகரவே நகராது. வெடிப்பு விழுந்த சேற்றின்மேல் மழை பெய்தால் நீர் வெடிப்பு வழியே இறங்கிவிடும், பாதகம் குறைவு. வெடிப்பு விழுவதற்குமுன் பெய்தால் மறுபடி கூழ். திறந்த தளத்தில் நாங்கள் எண்ணியது 25 நாள், அதாவது 125 சதுர மீட்டர். ஒளி புகும் ஷீட் கூரை போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டபின் 18 நாள். அதற்கு 90 சதுர மீட்டர்.

இந்த நாட்கள் எங்கள் இடத்துக்கு உரியவை, உங்களுக்கு மாறும். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் துளையிட்டு, ஜல்லியும் மணலும் பரப்பி, உங்கள் சேற்றை 20 சென்டிமீட்டர் ஊற்றுங்கள். மண்வெட்டியில் கட்டியாக எழும் நாள்வரை எண்ணுங்கள். மே மாதம் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை.

அந்த 90ஐ ஒரே தளமாகக் கட்டக்கூடாது. இரண்டரை மீட்டருக்கு நான்கு மீட்டர் என்று ஒன்பது அறைகளாகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் இரண்டு நாள் சேற்றைக் கொள்ளும். ஒன்பதாவது அறை நிரம்பும்போது முதல் அறை காலியாகியிருக்கும். கோடையில் ஏழு அறை போதும், மற்ற இரண்டில் மணல் மாற்றிக்கொள்ளலாம்.

இடம் போதவில்லை என்பது எப்படித் தெரியும்? ஆபரேட்டர் பாதி காய்ந்த சேற்றின்மேலேயே புதுச் சேற்றை விட ஆரம்பிப்பார். அவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு வேறு இடமில்லை. பழைய ஏடு மூடிபோல அடைத்துக்கொள்ளும், மேலே ஊற்றியது வடியாது.

மூன்றாம் நாளும் தண்ணீர் கண்ணாடிபோல நின்றால், முதலில் மணலைச் சோதியுங்கள். நான் போன ஒரு இடத்தில் பரப்பளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பூச்சுவேலைக்கு வாங்கிய எம்-சாண்ட் மிச்சத்தையே தளத்தில் கொட்டியிருந்தார்கள். அதிலிருந்த தூசு முழுவதும் அடைத்துவிட்டது. கழுவிய, பருமனான மணலாக மாற்றியபின்தான் சேறு வடிந்தது.