கப்பல் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அறிவியல் புனைகதை எழுதுபவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். விண்வெளிக் கதைகளில் கலகம் என்றாலே நம்மவர்களுக்குக் கேப்டன் கொடியவனாக இருந்தாக வேண்டும். அவன் அடிப்பான், உதைப்பான், கடைசியில் எல்லோரும் பொங்கி எழுவார்கள். எனக்கு இது ஒட்டவே இல்லை. கொடுமையை மனிதர்கள் வருஷக்கணக்கில் சகித்துக்கொள்வார்கள். தங்களை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரியாமல் இருப்பதைத்தான் சகிக்க மாட்டார்கள்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1915 பிப்ரவரி 15, முதல் உலகப்போர்க் காலத்துச் சிங்கப்பூர். பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த ஐந்தாம் இலகு காலாட்படை மறுநாள் கப்பலேற வேண்டும். போகும் இடம் ஹாங்காங், வெறும் காவல் வேலை. ஆனால் தங்கள் மதத்தவரான துருக்கியரோடு சண்டை போடத்தான் அனுப்புகிறார்கள் என்று முஸ்லிம் சிப்பாய்களிடையே வதந்தி. அன்று காலை அணிவகுப்பில் சிங்கப்பூர்ப் படைகளின் தளபதி அவர்களைப் பாராட்டினார், புறப்பாட்டைப் பற்றியும் பேசினார். ஹாங்காங் என்ற பெயரை மட்டும் சொல்லவில்லை. பிற்பகலில் துப்பாக்கி வெடித்தது.

இதில் எழுத்தாளன் கவனிக்க வேண்டியது வேறொன்று. படையின் கர்னல் அதே படையில் மேஜராக இருந்து முந்தைய ஆண்டுதான் உயர்ந்தவர். சக அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்காது. கீழே இந்திய அதிகாரிகளுக்குள்ளும் ஒரு பதவி உயர்வை வைத்துப் பிளவு. உண்மையை மேலிருந்து கீழே கொண்டுவர வேண்டிய படிக்கட்டு ஏற்கெனவே உடைந்திருந்தது. அதனால் வதந்தி ஜெயித்தது. இன்னொன்று, எட்டு கம்பெனிகளில் நான்குதான் எழுந்தன. மற்றவர்கள் குழம்பிச் சிதறினார்கள்.

சரி, நம் கப்பலுக்கு வருவோம். பெயர் ‘கடாரம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். சனியின் துணைக்கோளான டைட்டனில் உள்ள குடியிருப்புக்குப் போகிறது. கேப்டன் ஒரு பெண், நேற்றுவரை துணை அதிகாரி. அந்த நாற்காலி தனக்குத்தான் என்றிருந்த மூத்த பொறியாளர் இப்போது அவளுக்குக் கீழே. இவர்களுக்கும் மாலுமிகளுக்கும் நடுவே, மாலுமிகளை மேற்பார்க்கும் ஒரு தண்டல். நம் பழைய தோட்டத்துக் கங்காணியைப் போல ஆள். துரையின் உத்தரவைக் கீழே சொல்வான், சனங்களின் முறையீட்டை மேலே சொல்வான், நடுவில் தலைக்காசு வாங்குவான். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் தனக்கு ஒரு தொகை உண்டு என்பது அவனுடைய ரகசியம்.

கேப்டனுடைய ரகசியம் பெரியது. டைட்டனில் கொள்ளைநோய், நிற்காமல் யுரேனஸுக்குப் போ என்று தலைமையகம் சொல்லிவிட்டது. மாலுமிகளில் பாதிப் பேருக்குக் குடும்பம் டைட்டனில். சொன்னால் கப்பல் கலங்கிவிடும் என்று அவள் வாய் திறக்கவில்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ரகசியத்துக்கு இப்படி ஒரு நியாயம் இருந்தால்தான் வாசகன் இரண்டு பக்கமும் தவிப்பான்.

ரகசியம் எப்படி உடைவது? ஒட்டுக்கேட்பது, கிழிந்த கடிதம் எல்லாம் வேண்டாம். கப்பலே சொல்லட்டும். பாதி வழி வரை இன்ஜின் வேகத்தைக் கூட்டும், அதனால் உடம்பில் லேசாக எடை தெரியும். பாதியில் இன்ஜினை நிறுத்தி, வால் முன்னே வரும்படி கப்பலைத் திருப்பி, மறுபடி முடுக்கினால்தான் வேகம் குறையும். திருப்பும் சில நிமிஷங்களுக்கு எல்லாம் மிதக்கும். அறுபதாம் நாள் திருப்பம் என்று சமையல்காரர் குழம்புச் சட்டிகளுக்கு மூடி போட்டு, பட்டை இறுக்கி வைத்துக் காத்திருக்கிறார். நேரம் கடந்தும் சட்டி அசையவில்லை. அவர் தண்டலிடம் கேட்கிறார். தண்டல் பொறியாளரிடம் கேட்கிறான். “எனக்கு உத்தரவு வரவில்லை” என்று பொறியாளர் சொல்கிறார். அந்தக் குரலில் லேசாக ஒரு திருப்தி இருக்கட்டும்.

இனி கடிகாரம் ஓடுகிறது. இரண்டு நாள் தாமதத்தை இன்ஜினைக் கூடுதலாக முறுக்கிச் சரிக்கட்டலாம், அதற்கு மேல் போனால் டைட்டனில் நிற்கவே முடியாது. மாலுமிகள் முறையாகத் தலைமையகத்துக்கு எழுதுகிறார்கள். அந்தத் தூரத்தில் ஒளி போய்வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதில் வருகிறது, ஆனால் கேப்டனுக்கு மட்டும். அவள் அதைப் படித்துவிட்டு, “அவரவர் வேலையைப் பாருங்கள்” என்கிறாள். அந்த ஒரு வரியை எழுதும் வரை கலகத்தை ஆரம்பிக்காதீர்கள். கேட்க வேண்டிய இடமெல்லாம் கேட்டு முடிந்த பிறகுதான் ஆயுதத்தை எடுக்க வேண்டும்.

அப்போதும் பாதிப் பேர்தான் எழ வேண்டும். டைட்டனில் யாரும் இல்லாதவன் நோய்க்குள் போக ஏன் சம்மதிப்பான்? தண்டல் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் தலைக்காசு போய்விடும். பொறியாளருக்குக் கேப்டன் மேல் கோபம் உண்டு, ஆனால் அளவுக்கு மீறி இன்ஜினை முறுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கேப்டனைக் கொன்றுவிடலாமா என்று ஒரு தம்பி சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். கொல்லாதீர்கள் தம்பி. நோய் எந்த வட்டாரத்தில், யார் வீட்டில் என்ற பட்டியல் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. கதவை உடைத்து உள்ளே வந்தவன் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.