ஹிட்டான பழைய போஸ்ட்டைத் திரும்பப் போடுவது எப்படி? ஒரு பொங்கல் டிக்கெட் போஸ்ட்டை வைத்துப் பார்ப்போம்

[திரையில்: இன்ஸ்டாகிராம் போஸ்ட், ஆறு படங்கள். முதல் படம்: "பொங்கலுக்கு ஊருக்குப் போகணுமா? ரயில் டிக்கெட் எடுப்பது இப்படித்தான்!"]

குரல்: 2023 ஆகஸ்டில் ஒரு பயணப் பக்கம் இந்த போஸ்ட்டைப் போட்டதாக வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடியது. பொங்கல் வருஷா வருஷம் வருகிறது, டிக்கெட்டுக்கு அடிதடியும் கூடவே வருகிறது. அப்படியே எடுத்து மறுபடி போட்டுவிடலாமா?

முதலில் இன்சைட்ஸ் பக்கத்தைத் திறந்து, லைக்கை விட்டுவிட்டு சேவ், ஷேர் இரண்டையும் பாருங்கள். லைக் அந்த நேரத்து உற்சாகத்துக்கும் விழும். சேவ் செய்தவர், பின்னால் தேவைப்படும் என்று எடுத்து வைத்திருக்கிறார். சேவ் அதிகமுள்ள போஸ்ட்தான் திரும்பப் போடத் தகுந்தது.

[திரையில்: போஸ்ட்டின் வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. பச்சை, சிவப்பு, மஞ்சள் கோடுகள்]

இப்போது போஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நிறம் போடுங்கள். மாறாமல் நிற்பது பச்சை. மாறிவிட்டது சிவப்பு. இன்று சரி, ஆனால் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பது மஞ்சள்.

"முன்பதிவு காலை 8 மணிக்குத் திறக்கும்." பச்சை. "நாள் கணக்கு, ரயில் புறப்படும் ஊரின் தேதியை வைத்து, நீங்கள் ஏறும் ஊரை வைத்து அல்ல." இதுவும் பச்சை. நள்ளிரவு தாண்டி நடுவழியில் ஏறுபவர்கள் ஒரு நாள் தவறவிடுவது இதனால்தான். போஸ்ட்டின் உயிரே இந்த வரியில் இருக்கிறது, தொடாதீர்கள்.

"120 நாள் முன்பே எடுக்கலாம்." சிவப்பு. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள், பயண நாளைச் சேர்க்காமல். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குவார்கள்: 120-ஐ அழித்து 60 என்று எழுதிவிட்டு, நான்காவது படத்தில் இருக்கும் தேதி அட்டவணையை மறந்துவிடுவார்கள். ஜனவரி 13 பயணத்துக்கு அந்த அட்டவணை செப்டம்பர் 15 என்று சொல்லும். சரியான நாள் நவம்பர் 14. ஒரு எண் மாறினால் அதிலிருந்து கணக்கிட்ட எல்லாமே மாறும். எண்ணைத் தேடுவதோடு, அதற்குப் பிறந்த எண்களையும் தேடுங்கள்.

"ஐஆர்சிடிசி கணக்கு இருந்தால் போதும்." சிவப்பு. 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடமும் ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டும் என்று வந்தது; பிறகு அந்த நேரமும் நீண்டது. இந்த நேர அளவு போன்ற வரிதான் மஞ்சள். பதிவிடும் அன்று காலை ரயில்வேயின் அறிவிப்பில் பார்த்துவிட்டே எழுத வேண்டும். இன்னொரு பக்கத்தின் போஸ்ட்டைப் பார்த்து எழுதினால், அவர்களுடைய பழைய தவறு உங்கள் பெயரில் ஓடும்.

[திரையில்: "எடிட்" பொத்தான். கேப்ஷன் திறக்கிறது, படம் அப்படியே நிற்கிறது]

இனி எதை எங்கே எழுதுவது என்பது. இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு கேப்ஷனைத் திருத்தலாம்; படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது. ஆகவே பச்சை வரிகள் படத்துக்குள், மஞ்சள் வரிகள் கேப்ஷனில். அட்டவணைக்குப் பதில் கணக்கிடும் வழியையே படத்தில் சொல்லுங்கள்: பயண நாளிலிருந்து 60 நாள் பின்னோக்கி, ஒரே ஒரு உதாரணத்தோடு. 60-ம் ஒருநாள் மாறலாம்தான். ஆனால் அது இல்லாமல் போஸ்ட்டே இல்லை, அதனால் அந்தப் படத்தை மட்டும் தனியாக வைத்திருங்கள்.

எண்ணே இல்லாமல் பழசாகும் சொற்களும் உண்டு. "சமீபத்தில்", "இந்த மாதம் முதல்", "புதிய விதி". தேடிப் பிடித்து, மாதமும் வருஷமும் போட்டு எழுதுங்கள்.

"சரிபார்த்தது" என்று எழுதி, மாதத்தையும் வருஷத்தையும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் போடுங்கள், முதல் படத்தில் மட்டும் அல்ல. வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்குப் போவது பெரும்பாலும் ஒற்றைப் படம்தான். கேப்ஷன் கூடப் போகாது.

[திரையில்: பழைய போஸ்ட்டின் கமென்ட்டுகள்]

பழைய கமென்ட்டுகளையும் ஒரு முறை படியுங்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்த இடம் முதல் முறையே தெளிவாக இல்லை. புதிய போஸ்ட்டில் ஒரு படத்தை அதற்கு ஒதுக்கலாம்.

பழைய போஸ்ட்டை என்ன செய்வது? ஆர்கைவ் செய்தால், சேவ் செய்து வைத்தவர்கள் கையிலிருந்தும் மறைந்துவிடும். அதைவிட, கேப்ஷனின் முதல் வரியில் "விதிகள் மாறிவிட்டன, புதிய போஸ்ட் பக்கத்தின் மேலே பின் செய்யப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள். ஆறு படங்கள் இருப்பதால், தவறான அட்டவணைப் படத்தை மட்டும் நீக்கவும் முடியும். அதை நீக்கிய பிறகே புதியதை வெளியிடுங்கள். இரண்டு தேதிகள் ஒரே பக்கத்தில் நின்றால், "எது சரி?" என்ற கேள்விக்கே நாள் முழுக்கப் பதில் எழுத வேண்டியிருக்கும்.

வெளியிடும் நாள் அக்டோபர் கடைசி வாரம். முன்பு ஆகஸ்டில் போட்டதற்குக் காரணம் அந்த 120 நாள். இப்போது ஆகஸ்டில் போட்டால், டிக்கெட் திறப்பதற்குள் மறந்துபோகும்.