மிக்ஸியிலிருந்து மத்துக்கு: குழந்தை ஓங்கரிப்பதும் மூச்சடைப்பதும் ஒன்றல்ல

வணக்கம். மேசையில் மூன்று கிண்ணங்கள் வைத்திருக்கிறேன். மூன்றிலும் இருப்பது ஒரே பருப்புச் சாதம். முதலாவது மிக்ஸியில் ஓடவிட்டது, இரண்டாவது மத்தால் கடைந்தது, மூன்றாவது கரண்டியின் பின்புறத்தால் லேசாக நசுக்கியது. முதல் கிண்ணத்திலிருந்து மூன்றாவதற்கு எப்படிப் போவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். குழந்தைகளின் விழுங்குதல் சிகிச்சையில் வேலை செய்கிறேன். என்னிடம் வரும் தாய்மார்களில் பலர் முதல் கிண்ணத்திலேயே நின்றுவிட்டவர்கள். காரணம் பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

ஆறு மாதம் முடிந்ததும் கெட்டியான மசியலில் தொடங்குகிறோம். எட்டாவது மாதத்துக்குள் சிறு கட்டிகளும் கையில் பிடித்துத் தின்னும் உணவும் வந்துவிட வேண்டும். கட்டிகளை ஒன்பது, பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால், பின்னாளில் மெல்ல மறுக்கும் பழக்கம் வர வாய்ப்பு கூடுகிறது. பல் முளைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மெல்லுவதற்கான கடைவாய்ப்பற்கள் பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குப் பிறகுதான் வருகின்றன. நன்றாக வெந்த காய்கறியை நசுக்க ஈறே போதும்.

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது மாதப் பெண் குழந்தை, எடை சரியாக இருக்கிறது, அரைத்த உணவை ஆசையாகச் சாப்பிடுகிறாள். ஒரு சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டால் போதும், ஓங்கரித்து, கண் கலங்கி, வெளியே தள்ளிவிடுகிறாள். “சோறு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் கொஞ்ச நாள் அரைத்தே கொடு” என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவிடம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். மிக்ஸியில் நீர்க்க அரைத்த பருப்பில் ஒரு ஸ்பூன் முழுச்சோற்றைக் கலந்து கொடுப்பதாகச் சொன்னார்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. நீர்த்த குழம்புக்குள் தனித்தனியாகப் பருக்கை மிதக்கும் உணவுதான் பழகும் குழந்தைக்குக் கடினமானது. வாய்க்குள் போனதும் நீர் சட்டென்று பின்னால் ஓடிவிடும், பருக்கை நாக்கின் மேல் தனியாக நின்றுவிடும். ஒரே வாயில் இரண்டு வேகங்களைச் சமாளிக்க அந்த நாக்கு இன்னும் கற்கவில்லை. இதே காரணத்தால்தான் ரசம் சாதத்தை, அது எவ்வளவு இளக்கமாகத் தெரிந்தாலும், நான் பின்னால் தள்ளிவைக்கச் சொல்கிறேன்.

அவளுக்கு முதலில் கெட்டித்தன்மையை மாற்றினோம். அரிசியையும் பாசிப்பருப்பையும் வழக்கத்தைவிடத் தண்ணீர் கூட்டிக் குக்கரில் குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே மத்தால் கடையச் சொன்னேன். ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் மெல்ல நழுவி விழ வேண்டும். தொடக்கத்தில் பழைய அரைத்த சாதம் மூன்று பங்கு, கடைந்தது ஒரு பங்கு. அவள் முகம் சுளிக்காமல் விழுங்கத் தொடங்கியதும் பாதிக்குப் பாதி, பிறகு முழுவதும் கடைந்ததே. அது பழகிய பின், வெந்த பரங்கிக்காயை அரிசி மணி அளவுக்கு நசுக்கி அதே கெட்டிச் சாதத்துக்குள் சேர்த்தோம். கட்டியை இரு விரலுக்கிடையே அழுத்தினால் எதிர்ப்பின்றி மசிய வேண்டும். மசியவில்லையென்றால் இன்னும் வேகவையுங்கள்.

இன்னொன்றும் செய்தோம். ஸ்பூனை நாக்கின் நடுவில் வைக்காமல், உதட்டோரமாகப் பக்க ஈறின் மேல் வைத்தோம். உணவு பக்கவாட்டில் பட்டால் நாக்கு அந்தப் பக்கம் திரும்பித் தேடும். மெல்லுவதன் முதல் அசைவு அதுதான்.

கையில் பிடிக்கும் உணவைக் கட்டிகள் பழகிய பிறகு என்று ஒத்திவைக்காமல் கூடவே தொடங்கலாம். இந்த வயதில் குழந்தை முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். அதனால் பெரியவர் விரல் நீளத்தில், முஷ்டிக்கு வெளியே நுனி தெரியும்படி வெட்டுங்கள். குழைய வெந்த கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நெய்யோ பருப்புத் தண்ணீரோ தடவிய இட்லித் துண்டு நல்லவை. உலர்ந்த இட்லி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஈரம் வேண்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்கத் தொடங்கியதும் மென்மையான சிறு துண்டுகளுக்கு மாறலாம்.

இனி பயத்தைப் பற்றி. ஆறு, ஏழு மாதக் குழந்தைக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கின் முன்பகுதிக்கு அருகிலேயே இருக்கிறது. வளர வளரக் கட்டிகளோடு பழகி அது பின்னால் நகர்கிறது. அதனால் உணவு தொண்டைக்கு வெகு முன்னாலேயே இருக்கும்போது குழந்தை ஓங்கரிக்கும். நாக்கு வெளியே நீளும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், சத்தம் வரும், சில நேரம் கொஞ்சம் வாந்தியும் வரும். அது மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. அப்போது செய்ய வேண்டியது, பக்கத்தில் அமைதியாக இருந்து அது தானே முன்னால் தள்ளும்வரை பார்த்துக்கொண்டிருப்பது. உச்சந்தலையில் தட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரலை விட்டு எடுக்க முயல வேண்டாம். முன்னால் இருக்கும் துண்டை உங்கள் விரலே பின்னால் தள்ளிவிடக்கூடும். பலமாக இருமினாலும் இருமவிடுங்கள்.

மூச்சடைப்பு அமைதியாக வரும். வாய் திறந்திருக்கும், அழுகை வராது, இருமல் வராது அல்லது சத்தமில்லாத வீணான இருமலாக இருக்கும். கண்கள் மிரளும், நெஞ்சு உள்ளிழுத்துத் தவிக்கும், உதடு நீலமாகும். மாநிறக் குழந்தைகளுக்கு உதட்டின் உட்புறத்தையும் ஈறையும் பாருங்கள். நிறம் மாறும்வரை காத்திருக்காதீர்கள், சத்தம் நின்றதே போதுமான அறிகுறி.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கி, தலை மார்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி பிடியுங்கள். இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வெளியே வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அழுத்துங்கள். வெளிவரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். வயிற்றை அழுத்தக் கூடாது. இன்னொருவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். குழந்தை துவண்டுவிட்டால் உடனே, மார்பை அழுத்தி மூச்சு ஊதும் சி.பி.ஆர். எனப்படும் இதய நுரையீரல் இயக்க மீட்பு தொடங்க வேண்டும். அதை வீடியோ பார்த்து மட்டும் கற்க முடியாது. முதலுதவிப் பயிற்சிக்கு நேரில் போங்கள், குழந்தைக்கு ஊட்டும் பாட்டியையும் அழைத்துப் போங்கள்.

ஊட்டும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தவழ்ந்துகொண்டோ சிரித்துக்கொண்டோ இருக்கும் குழந்தையின் வாயில் உணவைத் திணிக்கக் கூடாது. நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுக் கொண்டைக்கடலைச் சுண்டல், பச்சைக் கேரட், முறுக்குத் துண்டு, சப்போட்டா விதை இவை எதுவும் கைக்கு எட்டக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். நிலக்கடலையின் ருசி தெரிய வேண்டுமென்றால் வழவழப்பாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம்.

கடைசியாக, கடலை போன்ற ஒன்றைத் தின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று பலமாக இருமி, பிறகு சரியாகிவிட்ட குழந்தையை அப்படியே விட்டுவிடாதீர்கள். துண்டு கீழே இறங்கி ஒரு பக்க நுரையீரலின் குழாயில் தங்கியிருக்கலாம். ஓயாத இருமலோ, இழுப்புச் சத்தமோ, காய்ச்சலோ தொடர்ந்தால் சளி என்று வீட்டு மருந்து கொடுக்காமல் மருத்துவரிடம் போங்கள். என்ன தின்றது, எப்போது இருமியது என்பதையே முதலில் சொல்லுங்கள்.