கையெழுத்துப் போட்ட பிறகும் விலகலாம்

நேயர்களுக்கு வணக்கம். இரத்தக் கொதிப்புக்கான புதிய மாத்திரையைச் சோதிக்கும் ஆய்வில் சேருமாறு உங்களை அழைத்து, ஒப்புதல் படிவத்தைத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘பலன்கள்’ பகுதியில் இலவசப் பரிசோதனையும் மருத்துவர் கவனிப்பும் இருக்கும். மாத்திரை உங்களைக் குணப்படுத்தும் என்று இருக்காது. அது தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லையே! உங்களுக்குக் கிடைப்பது புது மாத்திரையா, பழையதா என்பதும் குலுக்கலைப் போலத்தான் முடிவாகும்.

‘அபாயங்கள்’ பகுதியில், நூறு பேரில் பன்னிரண்டு பேருக்குத் தலைச்சுற்றல் என்று இருந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று கேளுங்கள். அதுவும் ஒன்பது என்றால், மருந்தின் கணக்கில் வருவது ஏறத்தாழ மூன்று பேர்தான். வலிப்பு, கல்லீரல் பாதிப்பு போன்றவை ஒருவருக்கே வந்திருந்தாலும் அதைத் தனியாக விசாரியுங்கள்.

படிவத்தில் வாரிசுதாரர் பெயர் என்று ஓர் இடம் உண்டு. அதைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நான் செத்துப்போவேன் என்று முடிவே செய்துவிட்டீர்களா, ஐயா?” என்று கேட்டார் ஒரு பெரியவர். அவர் மனைவி பக்கத்தில் அழ ஆரம்பித்துவிட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான். ஆய்வினால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீட்டை யாரிடம் சேர்ப்பது என்பதற்காக. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகள் அந்த இழப்பீட்டை உறுதி செய்கின்றன. ஆய்வினால் காயமோ நோயோ வந்தால் சிகிச்சையும் இலவசம். பெரியவர் பெயரை எழுதினார், மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எங்கே போனாலும் சொல்லும் விஷயம் இனிமேல்தான். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், உங்கள் சிகிச்சையும் சட்ட உரிமையும் பாதிக்கப்படாமல் நீங்கள் விலகலாம். இது படிவத்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வரியையும் படியுங்கள். நீங்கள் விலகிய பின்னரும் உங்கள் மருத்துவக் குறிப்புகளை மருந்து நிறுவனமும் நெறிமுறைக் குழுவும் அரசு அதிகாரிகளும் பார்க்கலாம், பெயர் மட்டும் வெளியே வராது என்று அது சொல்லும். ஆக, விலகல் இனி நடப்பதைத்தான் நிறுத்தும். அதுவரை சேர்ந்த விவரங்கள் பொதுவாக ஆய்விலேயே இருக்கும். சேமித்த இரத்த மாதிரியை என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று. விலகலாம் என்பதற்காக மாத்திரையை நீங்களாகவே சட்டென நிறுத்திவிடாதீர்கள். சில கொதிப்பு மருந்துகளை அப்படி நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறும். “நான் விலகுகிறேன், இதை எப்படிக் குறைத்து நிறுத்துவது?” என்று ஆய்வு மருத்துவரிடம் கேளுங்கள். கடைசியாக ஒரு முறை பரிசோதனைக்கு வரச் சொன்னால் போய் வாருங்கள். அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்றை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். ஆய்வு மருத்துவரின் தொலைபேசி எண் அதில்தான் இருக்கும். வணக்கம்.